எழுத்து மட்டுமாக ஒரு செய்திமடல்: எச்.டி.எம்.எல் மெயிலுக்குப் பிளெயின் டெக்ஸ்ட் வடிவம் தயாரிப்பது எப்படி?

வண்ணத் தலைப்பு, படங்கள், பட்டன்கள் எல்லாம் வைத்து வடிவமைத்த செய்திமடலை அனுப்பும்போது, பெரும்பாலும் ஒரே மெயிலுக்குள் இரண்டு பிரதிகள் போகின்றன. ஒன்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்த எச்.டி.எம்.எல் வடிவம். மற்றொன்று எழுத்து மட்டுமே உள்ள பிளெயின் டெக்ஸ்ட் வடிவம். இந்த இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அனுப்பும் சேவையே எச்.டி.எம்.எல் குறிகளை உரித்துவிட்டு, மிஞ்சியதை அந்த இடத்தில் போட்டுவிடுகிறது. மிஞ்சியது வாசிக்கும்படி இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஜிமெயிலை உலாவியில் திறப்பவர் கண்ணில் டெக்ஸ்ட் வடிவம் படாது. ஆனால் தண்டர்பேர்டில் எழுத்து மட்டும் போதும் என்று அமைத்துக்கொண்டவர்கள், `mutt` போன்ற டெர்மினல் மென்பொருளில் மெயில் படிப்பவர்கள், பாதுகாப்புக்காக எச்.டி.எம்.எல்லை முடக்கி வைத்திருக்கும் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு இதுதான் மடல். எண்ணிக்கையில் குறைவானவர்கள்தான். என்றாலும் அவர்களும் விரும்பிச் சந்தா சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் போவது குப்பையாக இருக்கக் கூடாது.

மெயிலின் உள்ளே இரண்டு பிரதிகளும் இப்படி அடுக்கப்பட்டிருக்கும்:

```
Content-Type: multipart/alternative; boundary="madal"

--madal
Content-Type: text/plain; charset=utf-8

(எழுத்து வடிவம்)
--madal
Content-Type: text/html; charset=utf-8

(எச்.டி.எம்.எல் வடிவம்)
--madal--
```

`multipart/alternative` என்றால் "ஒரே செய்தி, பல வடிவங்கள், ஒன்றை மட்டும் காட்டு" என்று பொருள். வரிசை முக்கியம். எளியது முதலில், வளமானது கடைசியில் வர வேண்டும். மெயில் மென்பொருள் தன்னால் காட்ட முடிந்தவற்றில் கடைசியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் என்பது 1996-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்.எஃப்.சி 2046 சொல்லும் விதி. வரிசையை மாற்றி வைத்தால், எச்.டி.எம்.எல் காட்டக்கூடிய மென்பொருளும் டெக்ஸ்ட்டையே காட்டக்கூடும். செய்திமடல் சேவைகள் வழியாக அனுப்பினால் இந்த அடுக்கு வேலையை அவையே சரியாகச் செய்துவிடும். நாம் கவனிக்க வேண்டியது `text/plain` பகுதிக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

தானாக வருவது எப்படி இருக்கும்?

ஓர் ஊர் நூலகத்தின் மாத மடலை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு பேனர் படம். அதன் கீழே அட்டவணையாக மூன்று நிகழ்ச்சிகள், "பதிவு செய்ய" என்று ஒரு பட்டன், புதிதாக வந்த நூல்களைப் பற்றி இரண்டு சிறு பத்திகள். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் "மேலும் படிக்க" என்று ஒரு லிங்க் இருக்கிறது. அடியில் முகவரியும் சந்தா விலகும் லிங்கும். குறிகளை உரித்தபின் கிடைப்பது ஏறக்குறைய இதுதான்:

```
&zwnj; &nbsp; &zwnj; &nbsp; &zwnj; &nbsp;
உலாவியில் பார்க்க
[banner_final_v3]
மார்ச் நிகழ்ச்சிகள்
நாள் நேரம் நிகழ்ச்சி 7 சனி மாலை 5 கதை வாசிப்பு
15 ஞாயிறு காலை 10 ஓலைச்சுவடிக் கண்காட்சி
பதிவு செய்ய
புதிய நூல்கள் ... மேலும் படிக்க ... மேலும் படிக்க
```

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு. முதல் வரியில் இருப்பது முன்னோட்ட வரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் நிரப்பி. இன்பாக்ஸில் தலைப்புக்குப் பக்கத்தில் தெரியும் அந்தக் குட்டி வரியோடு மடலின் மற்ற எழுத்துகளும் ஒட்டி வராமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத குறிகளை வடிவமைப்பாளர்கள் நிறையச் சேர்ப்பார்கள். எச்.டி.எம்.எல்லில் அது மறைந்திருக்கும். உரித்தவுடன் வெளியே வந்துவிடும். பேனர் இருந்த இடத்தில் கோப்பின் பெயர் நிற்பதற்குக் காரணம், படத்துக்கு `alt` விவரம் எழுதாமல் விட்டதுதான். அட்டவணையின் கட்டங்கள் போனதும் நாளும் நேரமும் ஒரே ஓட்டமாகக் கலந்துவிட்டன. பட்டனின் எழுத்து மட்டும் நிற்கிறது, அது போக வேண்டிய முகவரியைக் காணோம்.

இதைத் திருத்திக் காப்பாற்றப் பார்ப்பதைவிட, இதை ஒரு கச்சாப் பொருளாக மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவதே சுலபம். கச்சாப் பொருளை எடுக்க `pandoc` என்ற வடிவமாற்றக் கருவி போதும்:

```
pandoc -f html -t plain --wrap=none madal.html -o madal.txt
```

`--wrap=none` என்பது பத்தியை இடையில் உடைக்காமல் ஒரே வரியாகத் தரும். அது ஏன் வேண்டும் என்பது பின்னால் வரும். `pandoc` இந்த வடிவத்தில் லிங்க்குகளின் முகவரிகளை விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முகவரிகளை நாம்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

வாசகர் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள

எச்.டி.எம்.எல்லில் வாசகர் கண்ணை ஓட்டி, பெரிய எழுத்தையும் வண்ணத்தையும் பார்த்து, தனக்கு வேண்டிய இடத்துக்குத் தாவுவார். டெக்ஸ்ட்டில் மேலிருந்து கீழே ஒரே பாதைதான். அதனால் தொடக்கத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று வரிகளில் சொல்லிவிட வேண்டும். எச்.டி.எம்.எல்லில் இல்லாத இந்தச் சிறு பொருளடக்கத்தை டெக்ஸ்ட்டில் சேர்ப்பதில் தவறே இல்லை.

தலைப்புகளைக் காட்டுவதில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில மடல்களில் தலைப்பைப் பெரிய எழுத்துகளில் எழுதிவிட்டால் தனித்துத் தெரியும். நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. இருப்பது எண்ணும் வெற்று வரியும்தான், அவையே போதும். தலைப்புக்கு முன்னால் இரண்டு வெற்று வரிகள், பின்னால் ஒன்று, தொடக்கத்தில் ஓர் எண். இந்த முறையை மடல் முழுக்க மாறாமல் கடைப்பிடித்தால் வாசகர் கண் இரண்டாவது தலைப்பிலேயே பழகிவிடும். பொருளடக்கத்தில் கொடுத்த அதே எண்ணைத் தலைப்பிலும் கொடுத்தால், "3." என்று மெயிலுக்குள் தேடியே அங்கு போய்விடலாம்.

தலைப்புக்கு அடியில் `=====` என்று அதே நீளத்துக்குக் கோடு போடுவது ஆங்கில மடல்களில் பழைய வழக்கம். தமிழில் அது பொருந்தி வராது. தமிழ் எழுத்துகள் சம அகலம் கொண்டவை அல்ல. "ர" ஒல்லி, "ஊ" அகலம். கோடு ஒரு தலைப்பில் குட்டையாகவும் இன்னொன்றில் நீட்டமாகவும் நிற்கும். பிரிவுகளுக்கு நடுவே கோடு வேண்டுமென்றால் எல்லா இடத்திலும் ஒரே நீளமாக, பத்து ஹைஃபன் அளவில் போடுங்கள். அறுபது எழுபது போட வேண்டாம். மடலைக் குரலில் கேட்பவருக்குத் திரைவாசிப்பானின் அமைப்பைப் பொறுத்து அந்தக் குறிகளும் வாசிக்கப்படலாம். போன் திரையில் நீளக் கோடு இரண்டாக மடிந்து விழும்.

வரியின் தொடக்கத்தில் `>` குறியை அலங்காரத்துக்குப் போடாதீர்கள். மெயில் மென்பொருள்கள் அதைப் பழைய மெயிலின் மேற்கோள் என்று எடுத்துக்கொண்டு நிறம் மாற்றிவிடும், சில சுருட்டியே வைத்துவிடும். பட்டியலுக்கு `-` குறியும் ஓர் இடைவெளியும் போதும்.

அட்டவணையைப் பிரித்து எழுதுதல்

எழுத்து அகலம் சமமில்லை என்ற அதே காரணத்தால், ஸ்பேஸ் தட்டித் தட்டி நெடுவரிசைகளை நேராக்குவது தமிழில் நடக்காது. உங்கள் கணினியில் நேராக நிற்கும் வரிசை, வேறு எழுத்துருவில் கோணிக்கொள்ளும். சம அகல எழுத்துருவைத் தேர்ந்திருக்கும் மென்பொருளிலும் இதே கதைதான். அந்த எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. மென்பொருள் வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

ஆகவே அட்டவணையின் ஒவ்வொரு கிடைவரிசையையும் ஒரு சிறு தொகுதியாக மாற்றுங்கள். அட்டவணையில் தலைப்பு வரிசை சொன்ன தகவல் இப்போது ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் வந்துவிட வேண்டும். "7 சனி மாலை 5" என்பது கட்டத்துக்குள் புரியும். கட்டம் இல்லாதபோது "மார்ச் 7, சனிக்கிழமை, மாலை 5 மணி" என்று முழுதாக எழுதினால்தான் புரியும். நூலக மடலின் முதல் பகுதி இப்படி ஆகும்:

```
நூலக மடல், மார்ச் 2026

இந்த மடலில்:
1. மார்ச் மாத நிகழ்ச்சிகள்
2. புதிய நூல்கள்


1. மார்ச் மாத நிகழ்ச்சிகள்

மார்ச் 7, சனிக்கிழமை, மாலை 5 மணி
சிறுவர் கதை வாசிப்பு (தரைத்தளம்)

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை 10 மணி
ஓலைச்சுவடிக் கண்காட்சி (முதல் மாடி)

மூன்று நிகழ்ச்சிகளுக்கும் பதிவு செய்ய:
https://example.org/march
```

(மூன்றாவது நிகழ்ச்சியை இடம் கருதி இங்கே விட்டிருக்கிறோம்.) பேனர் படம் போயே போய்விட்டது. நூலகத்தின் பெயரும் மாதமும்தான் அதில் இருந்தன; அவை முதல் வரியில் வந்துவிட்டன. வாசகருக்கு அந்தப் படம் சொன்ன செய்தி போய்ச் சேர்ந்தால் சரி, "இங்கே ஒரு படம் இருந்தது" என்று அறிவிக்க வேண்டியதில்லை.

தமிழ் மடல்களில் அடிக்கடி நேர்வது வேறொன்று. நிகழ்ச்சியின் அழைப்பிதழை அப்படியே ஒரு படமாக ஒட்டிவிடுவார்கள். இடம், நேரம், தலைமை, சிறப்புரை எல்லாம் அந்த ஜே.பி.ஜி.க்குள்ளேயே இருக்கும். டெக்ஸ்ட் வடிவத்தில் எதுவுமே மிஞ்சாது. அழைப்பிதழ் இருந்தால் அதன் வாசகங்களை நாம் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். அப்படியே எச்.டி.எம்.எல் வடிவத்திலும் படத்துக்குக் கீழே அதைச் சேர்த்துவிடுங்கள். படங்கள் இறங்காத போனிலும் செய்தி தெரியும்.

லிங்க்: அதிகம் கெடும் இடம்

எச்.டி.எம்.எல்லில் லிங்க் ஒரு சொல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கும். டெக்ஸ்ட்டில் முகவரியே வெளியில் நிற்க வேண்டும், மெயில் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து அழுத்தத்தக்கதாக மாற்றும். முகவரி எங்கே முடிகிறது என்பதை அது ஊகிக்கத்தான் செய்கிறது. தமிழ் இலக்கணம் அந்த ஊகத்தைக் குழப்பிவிடும். இதைப் பாருங்கள்:

```
https://example.org/marchஇல் பதிவு செய்யலாம்.
```

முகவரியோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டது. இன்றைய முகவரிகளில் தமிழ் எழுத்துகளும் வரலாம் என்பதால், மென்பொருள் "இல்" என்பதையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளக்கூடும். அழுத்தினால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வரும். நடுவில் ஹைஃபன் போட்டாலும் இதே ஆபத்துதான். ஹைஃபனும் முகவரியில் வரத்தக்க குறியே. வாக்கிய முடிவில் முகவரியை ஒட்டி முற்றுப்புள்ளி வைத்தாலும் சில மென்பொருள்கள் புள்ளியைச் சேர்த்துக்கொள்ளும்.

தீர்வு ஒன்றுதான். முகவரியை வாக்கியத்துக்குள் நுழைக்காதீர்கள். வாக்கியத்தை "பதிவு செய்ய:" என்று முடித்து, அடுத்த வரியில் முகவரியை மட்டும் தனியாக வையுங்கள். அந்த வரியில் வேறு எந்த எழுத்தும் குறியும் வேண்டாம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் முகவரி நடுவில் மாட்டிக்கொண்டு வாசிப்பைத் தடுக்கும். தனி வரி அந்தத் தொல்லையையும் தீர்த்துவிடும். லிங்க்குகளுக்கு [1], [2] என்று எண் கொடுத்து முகவரிகளைக் கடைசியில் மொத்தமாகத் தருவதும் உண்டு. ஒரே பத்தியில் நான்கைந்து லிங்க் இருக்கும் மடலுக்கு அது சரி. சாதாரண மடலில் வாசகரைக் கீழே போய் மேலே வர வைப்பது அநாவசியம்.

"மேலும் படிக்க" என்ற சொல் எச்.டி.எம்.எல்லிலேயே பலவீனமானது, டெக்ஸ்ட்டில் அடுத்தடுத்து மூன்று முறை வந்தால் எது எதற்கு என்றே தெரியாது. "நூலின் அறிமுகம் படிக்க:", "முன்பதிவு செய்ய:" என்று அந்த லிங்க் செய்யும் வேலையையே சொல்லுங்கள். "இங்கே சொடுக்கவும்" என்பதற்கு டெக்ஸ்ட்டில் பொருளே இல்லை.

முகவரியின் நீளம் இன்னொரு பிரச்சினை. வலைத்தளங்கள் சில கட்டுரைத் தலைப்பிலிருந்து தமிழிலேயே முகவரி உண்டாக்கும். உலாவியில் அழகாகத் தெரியும் அது, நகல் எடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் `%E0%AE%A8` என்பதுபோல் ஒன்பது எழுத்தாக விரியும். "நிகழ்ச்சிகள்" என்ற ஒரு சொல்லில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் சேர்த்து யூனிகோடில் 12 குறிகள் உள்ளன. முகவரியில் அது 108 எழுத்து. மடலில் தரப்போகும் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் குறுகிய முகவரி வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்காகச் சேவைகள் மாற்றிவைக்கும் நீண்ட முகவரிகளும் இதே தொல்லை தருபவை. எச்.டி.எம்.எல்லில் அவை மறைந்திருக்கும். டெக்ஸ்ட்டில் நூலகத்தின் பெயர் இல்லாத ஏதோ ஒரு தளத்தின் இருநூறு எழுத்து முகவரியைப் பார்க்கும் வாசகர் அழுத்தத் தயங்குவார், தயங்குவதுதான் சரியும்கூட. டெக்ஸ்ட் வடிவத்துக்கு மட்டும் அந்த எண்ணிக்கையை நிறுத்தி வைக்கச் சேவையில் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

எச்.டி.எம்.எல் மூலத்திலிருந்து முகவரியை நகலெடுக்கும்போது ஒரு பொறி உண்டு. அங்கே `&` குறியை `&amp;` என்று எழுதியிருப்பார்கள்.

```
https://example.org/nool?id=42&amp;mozhi=ta
```

இதை அப்படியே டெக்ஸ்ட்டில் ஒட்டினால் முகவரி உடையும். `&amp;` என்பதை வெறும் `&` ஆக மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் கோப்பில் `&` என்று ஒருமுறை தேடிப் பார்த்தால், இதுவும் மிச்சமிருக்கும் `&nbsp;`களும் ஒரே மூச்சில் அகப்படும்.

வரியை எங்கே உடைப்பது?

பழைய வழிகாட்டிகள் பலவும் ஒவ்வொரு வரியையும் 65 முதல் 75 எழுத்துக்குள் நிறுத்தி என்டர் தட்டச் சொல்லும். மெயில் தரமான ஆர்.எஃப்.சி 5322, வரி 78 எழுத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது என்றும் 998-ஐத் தாண்டவே கூடாது என்றும் சொல்கிறது. கணினித் திரை ஒன்றே இருந்த காலத்தில் கையால் உடைப்பது பொருந்தியது. போனில் 75 எழுத்து ஒரு வரியில் கொள்ளாது. போன் அதை மடிக்கும், பிறகு நாம் தட்டிய என்டரும் குறுக்கிடும். முழு வரி, அரை வரி, முழு வரி, அரை வரி என்று பல் போன சீப்பு மாதிரி பத்தி நிற்கும்.

தமிழ் மடலுக்கு எங்கள் பரிந்துரை: பத்திக்குள் என்டர் தட்டவே வேண்டாம். ஒரு பத்தி, ஒரே நீண்ட வரி. பத்தி முடிந்தால் ஒரு வெற்று வரி. திரை அகலத்துக்கேற்ப மடிப்பதை மெயில் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பத்திகளைச் சிறியதாக, மூன்று நான்கு வாக்கியங்களுக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் 998 என்ற எல்லை? அதை மீறாமல் காப்பது அனுப்பும்போது நடக்கும் என்கோடிங். யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் செலவாகும். 998 பைட் என்றால் சுமார் 330 குறிகள், நாற்பது சொல் பத்தியே அதைத் தொட்டுவிடும். என்கோடிங் இல்லாமல் அப்படியே (`8bit`) அனுப்பினால், வழியில் உள்ள சர்வர் ஏதாவது வரியை வெட்டலாம். வெட்டு ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவே விழுந்தால் அந்த இடத்தில் � என்ற குறி தெரியும். நீண்ட பத்திகளின் நடுவில் மட்டும் இந்தக் குறி தென்பட்டால் காரணம் இதுதான் என்று சந்தேகிக்கலாம்.

`quoted-printable`, `base64` என்ற இரண்டு முறைகளில் ஒன்றைப் பயன்படுத்தினால் கம்பியில் போகும் வரிகள் 76 எழுத்துக்குள் அடங்கிவிடும். வாசகரிடம் சேர்ந்ததும் நம் நீண்ட வரி உடையாமல் மீண்டும் கிடைக்கும். தமிழுக்கு `base64` சிக்கனம். "தமிழ்" என்ற சொல் 15 பைட். `base64`-இல் 20 எழுத்து, `quoted-printable`-இல் 45 எழுத்து. செய்திமடல் சேவைகள் இதைத் தாமே தேர்ந்துகொள்ளும். சொந்தமாகப் பைதான் கொண்டு அனுப்புகிறவர்கள், இரண்டு வடிவங்களையும் `text`, `html` என்ற மாறிகளில் வைத்துக்கொண்டு இப்படி எழுதலாம்:

```python
from email.message import EmailMessage

m = EmailMessage()
m["Subject"] = "நூலக மடல், மார்ச் 2026"
m.set_content(text, cte="base64")
m.add_alternative(html, subtype="html", cte="base64")
```

`set_content` முதலில், `add_alternative` பிறகு. அந்த வரிசையிலேயே பகுதிகள் அடுக்கப்படும். `charset=utf-8` என்பதையும் பைதானே எழுதிக்கொள்ளும். வேறு கருவியில் அதை எழுதாமல் விட்டால் தமிழ் முழுவதும் `à®¤à®®à®¿` என்ற தோற்றத்தில் வரலாம். பார்த்தவுடன் அடையாளம் தெரியும்: `à®` என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால் எழுத்துகள் கெடவில்லை, யூ.டி.எஃப்-8 என்ற அறிவிப்புதான் காணோம்.

வேறொரு வகைக் குழப்பமும் உண்டு. மடலில் ஒரு பத்தி மட்டும் டெக்ஸ்ட் வடிவத்தில் `jkpo;` என்பதுபோல் ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய ஆவணத்திலிருந்து ஒட்டியது. பாமினியில் எழுத்துகள் உண்மையில் ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. `jkpo;` என்பது அதில் "தமிழ்". பிளெயின் டெக்ஸ்ட்டில் எழுத்துரு கிடையாது என்பதால் முகமூடி கழன்றுவிடும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மடலில் சேர்க்க வேண்டும். எச்.டி.எம்.எல் வடிவத்திலும் அந்தப் பத்தி பாமினி இல்லாத எல்லாருடைய போனிலும் இப்படித்தான் தெரிந்திருக்கும்.

மடலின் அடிப்பகுதி

யார் அனுப்பினார்கள், எந்த முகவரியிலிருந்து, ஏன் இந்த மடல் வந்தது, எப்படி விலகுவது என்ற நான்கும் டெக்ஸ்ட் வடிவத்திலும் இருக்க வேண்டும். விலகும் லிங்க் ஒவ்வொரு வாசகருக்கும் தனியானது. அதைச் சேவையின் குறிச்சொல் கொண்டு இட வேண்டும். மெயில்சிம்பில் அது `*|UNSUB|*`. எச்.டி.எம்.எல்லில் போட்டது டெக்ஸ்ட்டுக்குத் தானாக வரும் என்று நம்ப வேண்டாம், டெக்ஸ்ட்டிலும் தனி வரியில் போடுங்கள். உங்கள் சோதனை மெயிலில் வந்த விலகும் முகவரியை நகலெடுத்து ஒட்டுவது பெரும் தவறு. அதை யார் அழுத்தினாலும் விலக்கப்படுவது நீங்கள். விலக நினைத்தவருக்கு மடல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

சமூக ஊடகச் சின்னங்களுக்குப் பதிலாக ஐந்து முகவரிகளை அடுக்க வேண்டாம். வலைத்தள முகவரி ஒன்று போதும்.

அனுப்புமுன் பார்க்க வேண்டியது

சேவையின் முன்னோட்டப் பெட்டியை மட்டும் நம்பாமல், உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பித் தண்டர்பேர்டில் திறவுங்கள். View பட்டியலில் Message Body As, அதில் Plain Text என்று தேர்ந்தால் டெக்ஸ்ட் பகுதி அப்படியே தெரியும். ஒவ்வொரு லிங்க்கையும் அழுத்திப் பாருங்கள். சாளரத்தைப் போன் அகலத்துக்குக் குறுக்கிப் பாருங்கள். பிறகு, முடிந்தால், போனின் திரைவாசிப்பானை இயக்கி ஒருமுறை கேளுங்கள். கண் தாண்டிவிடும் வெற்றுக் குறிகளையும் அலங்காரங்களையும் காது பிடித்துவிடும்.

கடைசியாக, இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் வைத்து நாள், நேரம், கட்டணம், தொலைபேசி எண் ஆகிய நான்கை மட்டும் ஒப்பிடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. டெக்ஸ்ட் வடிவத்தை நாம் கையால் திருத்தியபின், பல சேவைகளில் அது எச்.டி.எம்.எல்லோடு சேர்ந்து தானாக மாறுவது நின்றுபோகும். அடுத்த மாதம் பழைய மடலை நகலெடுத்து எச்.டி.எம்.எல்லை மட்டும் புதுப்பித்தால், டெக்ஸ்ட்டில் மார்ச் நிகழ்ச்சிகள் அப்படியே இருக்கும். தயாரிப்பவர்கள் பார்ப்பது எச்.டி.எம்.எல் முன்னோட்டம் என்பதால் யாருக்கும் தெரியவராது. டெக்ஸ்ட்டை நம்பி வந்தவர் மட்டும் பூட்டிய கதவின் முன் நிற்பார். ஸ்பேம் வடிகட்டிகளும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கக் கூடியவை: ஸ்பேம்அசாசினில் இரண்டு வடிவங்களும் மிகவும் மாறுபட்டிருந்தால் பொருந்தும் `MPART_ALT_DIFF` என்ற விதியும், டெக்ஸ்ட் வடிவமே இல்லாவிட்டால் பொருந்தும் `MIME_HTML_ONLY` என்ற விதியும் இருக்கின்றன. பொருளடக்கம் சேர்ப்பது, அட்டவணையைப் பிரிப்பது போன்ற மாற்றங்கள் உள்ளடக்கத்தை மாற்றுவதில்லை. ஒரு வடிவத்தில் இருக்கும் செய்தி மற்றொன்றில் இல்லாமல் போவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அதனால் வேலையின் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.எம்.எல் இறுதி ஒப்புதல் பெறும்வரை டெக்ஸ்ட்டைத் தொடாதீர்கள். ஒப்புதல் வந்ததும் `pandoc` கொண்டு கச்சாவை எடுத்து, போன மாத டெக்ஸ்ட்டின் அமைப்பைப் பார்த்துப் புதிய கோப்பில் எழுதுங்கள். போன மாதக் கோப்பிலேயே மேலெழுத வேண்டாம். அதன்பின் எச்.டி.எம்.எல்லில் ஒரு நேரம் மாறினால்கூட, மாற்றியவரே டெக்ஸ்ட்டையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். பழகிய கைக்கு நூலக மடல் அளவுள்ள ஒன்றுக்கு அரை மணி நேரம் போதும்.